சாலைப் பலகையைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டோவில் ஒரு ரோட்டோரப் பலகை இருக்கிறது. முதலில் எழுத்தைப் பார்க்கணுமா, நிறத்தைப் பார்க்கணுமா?

இரண்டுக்கும் முன்னால் வடிவத்தைப் பாருங்கள். எழுத்து மங்கிப்போகும், நிறம் வெயிலில் வெளுக்கும், பழைய ஃபிலிமில் மாறியும் விழும். வடிவம் மட்டும் தூரத்திலிருந்தும் தெரியும், பலகையின் பின்பக்கம் மட்டுமே படத்தில் விழுந்திருந்தாலும் தெரியும்.

வடிவத்தில் முதல் கேள்வி ஒன்றே ஒன்று. வளைவு, பள்ளம், விலங்கு குறுக்கே வரும் என்று எச்சரிக்கிற பலகை முக்கோணமா, முனையில் நிறுத்திய சதுரமா? 1968இல் வியன்னாவில் உருவான சாலைக் குறியீட்டு உடன்படிக்கை இரண்டையும் அனுமதித்தது. சிவப்பு விளிம்புள்ள முக்கோணத்தை ஐரோப்பாவின் பெரும்பகுதி, இந்தியா, ஆப்பிரிக்காவின் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. முனையில் நிற்கும் மஞ்சள் சதுரம் அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய நாடுகளிலும் இருக்கிறது. ஐரோப்பாவில் எச்சரிக்கைக்கு இதைப் பயன்படுத்தும் நாடு என்றால் அயர்லாந்துதான். இந்த ஒரு பார்வையிலேயே உலகம் ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்துவிடும். மீதி வேலையெல்லாம் அந்தப் பாதிக்குள்தான்.

முக்கோணம்தான், ஆனால் உள்ளே வெள்ளை இல்லை, மஞ்சளாக இருக்கிறது. இது வேறு நாடா?

நல்ல தடயம் இது. ஐரோப்பாவில் முக்கோணத்தின் உட்பகுதி பெரும்பாலும் வெள்ளை. நிரந்தரமாகவே மஞ்சள் வைத்திருக்கும் நாடுகள் சில: ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து, போலந்து, கிரீஸ். வடக்கில் பனி பெய்து எல்லாம் வெளுத்துக் கிடக்கும்போது வெள்ளைப் பலகை கண்ணில் படாது. மஞ்சள் தனியாகத் தெரியும். இதை நினைவில் வைத்தால் பட்டியலில் பாதி தானாக மனதில் நிற்கும்.

ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் சாலைப்பணி நடக்கும் இடத்தில் வைக்கும் தற்காலிக முக்கோணங்களும் மஞ்சள்தான். ஆகவே அதன் காலைப் பாருங்கள். மண்ணில் நட்ட கம்பமா, மணல் மூட்டை வைத்து நிறுத்திய மடக்குச் சட்டமா? பக்கத்தில் கூம்புகள், தடுப்புகள் உண்டா? இருந்தால் அந்த மஞ்சளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதே சாலையில் சற்றுத் தள்ளி நிற்கும் நிரந்தரப் பலகையைத் தேடுங்கள்.

ஜெர்மனிக்காரர் ஒருவர் அனுப்பிய படத்திலும் மஞ்சள் சாய்சதுரம் இருக்கிறதே? அப்போது நீங்கள் சொன்னது தப்பாகாதா?

அது எச்சரிக்கைப் பலகை இல்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 'நீங்கள் செல்வது முன்னுரிமைச் சாலை' என்று சொல்லும் பலகை ஒன்று உண்டு. அதுவும் முனையில் நிற்கும் சதுரம், நடுவே மஞ்சள், சுற்றிலும் அகலமான வெள்ளை விளிம்பு. உள்ளே படம், அம்பு, எழுத்து எதுவும் இருக்காது. எச்சரிக்கைச் சதுரத்தின் விளிம்பு பெரும்பாலும் கறுப்பு, உள்ளே கட்டாயம் ஏதாவது ஓர் உருவம் இருக்கும்.

படம் சின்னதாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நானும் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு அயர்லாந்து என்று எழுதிவிட்டேன். பெரிதாக்கியபோதுதான் வெள்ளை விளிம்பு கண்ணில் பட்டது. அன்றிலிருந்து, சாய்சதுரம் தெரிந்தால் உள்ளே உருவம் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போவதில்லை. இந்த முன்னுரிமைப் பலகை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கிடையாது. எனவே அதுவே நம்மை ஐரோப்பாவின் பெருநிலப் பக்கம் தள்ளிவிடும் தடயம்தான்.

பச்சைப் பலகை என்றால் நெடுஞ்சாலை என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளக் கூடாது. ஊர்ப் பெயர் காட்டும் வழிகாட்டிப் பலகைகளில் நிறம் நாட்டைச் சொல்லாது. எந்த நிறம் எந்தத் தரச் சாலைக்கு என்ற ஜோடிதான் நாட்டைச் சொல்லும்.

பிரான்சையும் இத்தாலியையும் பக்கத்தில் வையுங்கள். பிரான்சில் விரைவுச்சாலைப் பலகை நீலம், அதற்கு அடுத்த தரமான பெரிய சாலைகளில் பச்சை. இத்தாலியில் நேர் எதிர்: விரைவுச்சாலை பச்சை, மற்ற பெரிய சாலைகளில் நீலம். சுவிட்சர்லாந்தும் இத்தாலியைப் போலத்தான். பிரிட்டன் பிரான்சைப் போல. ஜெர்மனியில் விரைவுச்சாலை நீலம், கூட்டாட்சிச் சாலைகளில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. ஆசியாவுக்கு வந்தால் ஜப்பானிலும் மலேசியாவிலும் விரைவுச்சாலை பச்சை, மற்ற சாலைகள் நீலம்.

ஆகவே பச்சைப் பலகையைப் பார்த்ததும் கீழே சாலையைப் பாருங்கள். நடுவில் தடுப்பு இருக்கிறதா, சைக்கிள் போகிறதா, வீட்டு வாசல் நேராகச் சாலைக்குத் திறக்கிறதா? வாசல் திறக்கும் சாலையில் பச்சைப் பலகை நின்றால் இத்தாலியின் வாய்ப்பு குறைகிறது, பிரான்ஸ், பிரிட்டன் வாய்ப்பு கூடுகிறது.

லத்தீன் எழுத்து என்றால் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்? அதில் எப்படிப் பிரிப்பது?

எழுத்தின் மேலும் கீழும் ஒட்டியிருக்கும் குறிகளில்தான் விஷயம் இருக்கிறது. மொழி தெரிய வேண்டியதில்லை, குறி தெரிந்தால் போதும்.

ő, ű என்று உயிரெழுத்தின் தலையில் சாய்ந்த இரண்டு கோடுகள் இருந்தால் ஹங்கேரி மொழி. ř, ů வந்தால் செக். ł என்று குறுக்கே வெட்டிய எழுத்து போலிஷ். புள்ளியில்லாத ı துருக்கியில் உண்டு. அதனுடன் தலைகீழான ə வந்தால் அசர்பைஜான். þ என்ற எழுத்து இன்று ஐஸ்லாந்தில் மட்டுமே புழங்குகிறது. å இருந்து கூடவே ø, æ வந்தால் டென்மார்க் அல்லது நார்வே. அதே å உடன் ä, ö வந்தால் ஸ்வீடன் அல்லது பின்லாந்து. கடைசி இரண்டில் எது என்று பார்க்க வேக வரம்பு வட்டம் உதவாது, இரண்டிலும் அதன் நடு மஞ்சள்தான். ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பின்னிஷ் பெயர்களில் ஒரே உயிரெழுத்தும் ஒரே மெய்யெழுத்தும் அடுத்தடுத்து இரட்டித்து நிற்கும்.

குறி இல்லாததும் தடயமாகும். ஜெர்மன் மொழியில் தெருவைக் குறிக்கும் சொல்லை ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ß போட்டு Straße என்று எழுதும். சுவிட்சர்லாந்தில் அந்த எழுத்தே புழக்கத்தில் இல்லை. அங்கே Strasse என்றுதான் இருக்கும்.

ரஷ்ய எழுத்து மாதிரி இருக்கிறது. ரஷ்யா என்று எழுதிவிடலாமா?

சிரிலிக் எழுத்தைப் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் சாலையோரம் பார்க்கலாம். ஆகவே ஓர் எழுத்துக்குக் காத்திருங்கள். ї தெரிந்தால் உக்ரைன். ў தெரிந்தால் பெலாரஸ். ћ, ђ தெரிந்தால் செர்பிய மொழி. ќ, ѓ தெரிந்தால் வடக்கு மாசிடோனியா. சொல்லின் நடுவே ъ உயிரெழுத்துபோல நின்றால் பல்கேரியா. ұ, қ இருந்தால் கசாக்ஸ்தான். ы மட்டும் தெரிந்தால் உக்ரைனும் பல்கேரியாவும் செர்பியாவும் வெளியே போய்விடும், ஆனால் ரஷ்யாதான் என்று அது சொல்லாது.

அரபி எழுத்துப் பலகைகளில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதைப் பிடித்துக்கொள்வது?

எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூரப் பலகையில் 4, 5, 6 ஆகியவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும், நாட்டைப் பிரிப்பதும் அந்த மூன்றுதான். எகிப்திலும் வளைகுடாவின் பல இடங்களிலும் அவை ٤ ٥ ٦ என்று இருக்கும். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் ۴ ۵ ۶. ஆறைப் பாருங்கள்: முதல் வரிசையில் நமக்குப் பழகிய 7போல நேராக மடங்கும், இரண்டாவதில் தலை சுருண்டிருக்கும். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா பக்கம் வந்தால் நமக்குப் பழகிய 4, 5, 6 அப்படியே இருக்கும், பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் லத்தீனிலும் இருக்கும். அதோடு வட்டமும் கோடும் கட்டமுமாக, வரைந்த சின்னங்கள்போல மூன்றாவது எழுத்து ஒன்று தெரிந்தால் அது திஃபினாக், பெர்பெர் மொழிக்கான எழுத்து. மொராக்கோ அல்லது அல்ஜீரியா.

எண்கோணப் பலகையும் உதவும். அரபு நாடுகளில் அதில் قف என்ற குட்டிச் சொல், ஈரானில் ایست. எண்கோணத்தில் சொல்லே இல்லாமல் உயர்த்திய கை மட்டும் இருந்தால் இஸ்ரேல்.

எண்கோணப் பலகையில் எழுதியிருக்கும் மொழிதான் அந்த நாட்டு மொழி என்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி எடுத்துக்கொண்டால்தான் வழி தவறும். பிரான்சிலும் ஸ்பெயினிலும் எண்கோணத்தில் இருப்பது STOP என்ற ஆங்கிலச் சொல். ஆகவே பிரெஞ்சில் ARRÊT என்று எழுதியிருந்தால் அது பிரான்ஸ் இல்லை. பெரும்பாலும் கனடாவின் கியூபெக். ஸ்பானிஷில் ALTO என்றிருந்தால் மெக்சிகோ அல்லது மத்திய அமெரிக்கா. PARE என்றிருந்தால் தென் அமெரிக்காவின் பக்கம், பிரேசிலும் அதில் அடக்கம். மலேசியாவில் BERHENTI, துருக்கியில் DUR. ஜப்பானில் எண்கோணமே கிடையாது. அங்கே தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணத்தில் 止まれ என்று எழுதியிருக்கும்.

தமிழ் எழுத்து தெரிகிறது. இந்தியாவா, இலங்கையா?

கூட இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்து, எச்சரிக்கைப் பலகை மஞ்சள் சாய்சதுரமாக இருந்தால் இலங்கை. தமிழும் ஆங்கிலமும் மட்டும், எச்சரிக்கை வெள்ளை முக்கோணம் என்றால் இந்தியா. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கும் ஒரே அபாயப் பலகையில் நின்றால் சிங்கப்பூர்.

தூரப் பலகையில் வெறும் எண்தான் இருக்கிறது. மைலா, கிலோமீட்டரா என்று எப்படித் தெரியும்?

பின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ½, ¼, ⅓ என்று எழுதியிருந்தால் மைல். கிலோமீட்டர் நாடுகள் இந்த இடத்தில் மீட்டருக்கு இறங்கிவிடும்: 500, 300 என்று. ஒன்றரையை 1,5 என்று காற்புள்ளி போட்டு எழுதியிருந்தால் அது கிலோமீட்டர், அதுவும் பெரும்பாலும் ஐரோப்பியப் பெருநிலம்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று. பிரிட்டனில் ½ m என்று எழுதியிருந்தால் அது அரை மீட்டரும் இல்லை, மீட்டர் கணக்கும் இல்லை. அந்த m மைலைக் குறிக்கிறது. சின்ன தூரத்துக்கு அங்கே கஜம், yds என்று வரும். அமெரிக்காவில் சின்ன தூரம் அடிக் கணக்கில், FT என்று வரும்.

வேக வரம்பிலும் எண்ணே பேசும். பிரிட்டனில் சட்டப்படி அதிகபட்சம் மணிக்கு 70 மைல். ஆகவே சிவப்பு வட்டத்தில் 80, 100, 120 என்று இருந்தால் பிரிட்டன் இல்லை. 30, 40, 50, 60 இருந்தால் அந்த எண் எதையும் பிரிக்காது, விட்டுவிடுங்கள். வட்டமே இல்லாமல் வெள்ளைச் செவ்வகத்தில் SPEED LIMIT என்றிருந்தால் அமெரிக்கா. அதே செவ்வகத்தில் MAXIMUM என்றிருந்தால் கனடா, அங்கே கிலோமீட்டர்.

விதிவிலக்குகளும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நொகாலஸிலிருந்து டூசான் போகும் 19ஆம் எண் நெடுஞ்சாலையில் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கும், வேக வரம்பு மைலில். புவேர்ட்டோ ரிக்கோ தீவு முழுவதுமே இப்படித்தான். அலகு ஒன்றை மட்டும் வைத்து நாட்டை எழுதக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

என் படத்தில்: மஞ்சள் சாய்சதுரத்தில் கறுப்பு அம்பு, பின்னால் பச்சைப் பலகை, அதில் ஒவ்வோர் ஊரும் இரண்டு முறை எழுதியிருக்கிறது, தூரத்தில் சிவப்பு வட்டத்தில் 80. எந்த நாடு?

படிப்படியாகப் போவோம். சாய்சதுரத்துக்குள் அம்பு இருக்கிறது, விளிம்பு கறுப்பு. ஆகவே இது முன்னுரிமைப் பலகை இல்லை, எச்சரிக்கைதான். இதோடு பிரிட்டனும் ஐரோப்பியப் பெருநிலமும் வெளியே போயின. மிச்சம் அமெரிக்கக் கண்டங்கள், ஆஸ்திரேலியப் பக்கம், கிழக்காசியா, இலங்கை, அயர்லாந்து.

அடுத்து வட்டத்தில் 80. அமெரிக்காவும் கனடாவும் வட்டம் வைப்பதில்லை. எனவே அவையும் போயின. பெரிதாக்கிப் பார்த்தால் 80க்குக் கீழே சின்னதாக km/h என்று எழுதியிருக்கும். அயர்லாந்து 2005 ஜனவரி 20 அன்று வேக வரம்புகளை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாற்றியபோது, குழப்பம் வராமல் இருக்க எண்ணுக்குக் கீழே அலகையும் எழுதியது. நிலத்தில் ஒரே பக்கத்து நாடான பிரிட்டன் மைலிலேயே இருக்கிறது, எல்லையில் காவல் சாவடியும் இல்லை. பலகைதான் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது பச்சைப் பலகை. ஊர்ப் பெயர் இரண்டு முறை என்றீர்கள். மேல் வரி சாய்ந்த எழுத்தில், முதல் எழுத்து மட்டும் பெரியதாக. கீழ் வரி நிமிர்ந்த பெரிய எழுத்துகளில் இருக்கிறதா? *Gaillimh* மேலே, GALWAY கீழே என்பதுபோல? அப்படியானால் மேலே இருப்பது ஐரிஷ், கீழே ஆங்கிலம். சாலை எண் மஞ்சளில், N என்று தொடங்கும். சாலை ஓரக்கோடு மஞ்சளாக இருந்தால் இன்னொரு சாட்சி. முடிவு: அயர்லாந்து குடியரசு.

இதே தீவின் வடக்குப் பகுதியாக இருந்திருந்தால் எச்சரிக்கை முக்கோணமாகவும், வேக வட்டத்தில் அலகு இல்லாமலும், தூரம் மைலிலும் இருந்திருக்கும். வேல்ஸிலும் பெயர் இரண்டு மொழியில்தான் வரும், ஆனால் அங்கே முக்கோணம், மைல். ஸ்காட்லாந்தின் கேலிக் பெயரா என்று சந்தேகம் வந்தால் உயிரெழுத்தின் தலையில் இருக்கும் கோட்டைப் பாருங்கள். ஐரிஷில் அது á என்று வலப்பக்கம் ஏறும், ஸ்காட்டிஷ் கேலிக்கில் à என்று இடப்பக்கம் ஏறும். ஒரு சின்னக் கோடுதான், ஆனால் படம் தெளிவாக இருந்தால் அதுவே போதும்.

படம் பழையது, அப்பா காலத்து ஸ்லைடு. இந்த விதிகள் அதற்கும் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். 2005க்கு முந்தைய அயர்லாந்துப் படத்தில் வேக வரம்பு மைலில்தான் இருக்கும். அமெரிக்க எண்கோணம் 1954 வரை மஞ்சளாகவே இருந்தது. ஸ்வீடனில் 1967 செப்டம்பர் 3 வரை இடப்பக்கம் ஓட்டினார்கள். ஆகவே காரின் வடிவத்தைக் கொண்டு காலத்தை முதலில் உத்தேசமாக முடிவு செய்துவிட்டு, பிறகு பலகைக்கு வாருங்கள்.

ஸ்லைடை ஸ்கேன் செய்யும்போது திருப்பிப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. வண்டிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதை நம்புவதற்கு முன்னால் ஏதாவது ஓர் எண்ணைத் தேடுங்கள். 2, 3, 7 ஆகியவை திரும்பியிருந்தால் உடனே தெரிந்துவிடும். 8, 0 உதவாது.

எல்லாம் பார்த்த பிறகும் இரண்டு நாடு மிச்சம் இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடலாமா?

இரண்டையும் எழுதுங்கள், எதனால் என்றும் எழுதுங்கள். 'செர்பிய சிரிலிக், வெள்ளை முக்கோணம், கிலோமீட்டர். செர்பியா அல்லது மாண்டினீக்ரோ' என்று குறிப்பு இருந்தால், பின்னால் பார்ப்பவர் வண்டியின் நம்பர் பிளேட்டையோ பின்னணியில் இருக்கும் மலையையோ வைத்து முடித்துவிடலாம். 'செர்பியா' என்று மட்டும் எழுதிவிட்டால் அவர் தேடவே மாட்டார். குறிப்போடு எந்தப் பலகை நிரந்தரம், எது தற்காலிகம், எந்த எழுத்து தெளிவாகத் தெரிந்தது, எது ஊகம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ї என்று நீங்கள் வாசித்தது அழுக்குப் புள்ளி விழுந்த і ஆகவும் இருக்கலாம், அந்த і பெலாரஸிலும் உண்டு.